உளுந்துக் கொள்முதலுக்கு முன் ரொக்கக் கணக்கு: உழவர் உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர்களுக்கு

வீரகேரளம்புதூர் பக்கம் பிசான நெல்லுக்கு நாற்று விடும் சமயத்தில், மானாவாரியிலும் குளத்துப் பாசனத்திலும் உளுந்து விதைக்கிறோம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வைத்திருக்கும் ஊர்களில் ஆவணி, புரட்டாசியிலேயே உரமும் விதையும் வாங்கிக் கடையில் அடுக்கிவிடுகிறார்கள். மார்கழிக் கடைசியில் உளுந்து அறுவடைக்கு வரும். உறுப்பினர்களிடம் வாங்கி விருதுநகர் பக்கத்துப் பருப்பு மில்லுக்கு அனுப்பினால் பணம் வர மாசி ஆகிவிடும். வருடக் கணக்கில் லாபம் காட்டுகிற நிறுவனம், தை மாதத்தில் உறுப்பினருக்குக் கொடுக்கப் பணமில்லாமல் நிற்பது இதனால்தான்.

ஆடிட்டர் எழுதும் லாப நட்டக் கணக்கில் இந்தப் பள்ளம் தெரியாது. சரக்கை அனுப்பி பில் போட்ட அன்றே அதில் வரவு ஏறிவிடும். நமக்கு வேண்டியது பணம் கைக்கு வரும் தேதியையும் கையை விட்டுப் போகும் தேதியையும் மட்டும் வைத்து எழுதும் கணக்கு. இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், நீளமான ஒரு நோட்டுப் போதும். செப்டம்பர் முதல் மார்ச் வரை எழுதுங்கள். டிசம்பர் வரை மாதக் கணக்கு போதும். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வாரக் கணக்காக எழுத வேண்டும். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் ஊர் விலையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இடுபொருள் வாங்கும் மாதங்கள்

500 உறுப்பினர்கள், தலைக்கு 1,000 ரூபாய் பங்கு. மத்திய அரசு 2020-ல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் வந்த நிறுவனமாக இருந்தால், உறுப்பினர் போட்ட பங்குக்குச் சமமாக, தலைக்கு 2,000 ரூபாய்க்கு மேற்படாமல், மானியமும் கிடைத்திருக்கும். கடை முன்பணம், தராசு, உரிமச் செலவு எல்லாம் போக செப்டம்பர் 1-ல் வங்கியில் 7,50,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சம்பளம், வாடகை, மின்சாரம் சேர்த்து மாதம் 20,000 செலவு.

செப்டம்பரில் உரத்துக்கு 4,00,000 ரூபாய் முன்பணம் கட்டுகிறோம். உளுந்து விதை 2,000 கிலோ, கிலோ 140 வீதம் 2,80,000. ஏக்கருக்கு 8 கிலோ என்றால் இது 250 ஏக்கருக்கு வரும். அந்த மாதக் கடை விற்பனையில் ரொக்கமாக 1,00,000 வருகிறது. மாதக் கடைசியில் கையில் 1,50,000 மிஞ்சும். அக்டோபரிலும் நவம்பரிலும் மேலுரம், பூச்சிமருந்து, நுண்ணூட்டம் என்று இன்னொரு 3,00,000 செலவு. அதற்குள் பழைய சரக்கு விற்கத் தொடங்கியிருக்கும். ரொக்கமாக அக்டோபரில் 3,50,000, நவம்பரில் 1,90,000 வருகிறது. நவம்பர் கடைசியில் கையிருப்பு 3,50,000. டிசம்பரில் சாக்கு, தார்ப்பாய், தையல் நூல் என்று 30,000, மாதச் செலவு 20,000. ஆக, ஜனவரி 1-ம் தேதி கையில் 3,00,000 இருக்கும்.

இதுவரை கணக்கு நிம்மதியாகத்தான் தெரிகிறது. ஆனால் 9,80,000 கொடுத்து வாங்கிய சரக்கை 10,60,000-க்கு விற்றிருக்கிறோம். அதில் ரொக்கம் 6,40,000 மட்டும்தான். மீதி 4,20,000 உறுப்பினர்களிடம் பாக்கி. உளுந்து வந்ததும் ஒரு பகுதி, நெல் போட்டதும் மீதி என்று சொல்லி வாங்கிப் போனது.

இந்தப் பாக்கியை இரக்கத்தோடு பார்க்கலாம், கணக்கோடும் பார்க்க வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதில் விற்பவருக்குக் கிடைக்கும் கழிவு டன்னுக்கு 354 ரூபாய், அதாவது மூட்டைக்கு 16 ரூபாய்தான். அந்த மூட்டையை நான்கு மாதக் கடனுக்குக் கொடுத்தால், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி வைத்தாலே 10 ரூபாய் 60 காசு போய்விடும். மீதி ஐந்து ரூபாயில்தான் இறக்குகூலியும் எலி கடித்த மூட்டையும் அடங்க வேண்டும். யூரியா, டி.ஏ.பி. இரண்டையும் ரொக்கத்துக்கு மட்டும் கொடுங்கள். கடன் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் விதையிலும் மருந்திலும் கொடுங்கள். அவற்றில் கழிவு கொஞ்சம் அதிகம், கடனைத் தாங்கும்.

இன்னொன்று. உரம் எடுக்கும்போது, கேட்காத பொருளையும் சேர்த்துத் தலையில் கட்டுவது பல இடங்களில் நடக்கிறது. அந்தப் பாட்டில்கள் அடுத்த வருடம் வரை அலமாரியில் நிற்கும். அவற்றுக்குப் போகும் பணத்தை விற்பனை வரவில் எழுதாதீர்கள், முடங்கிய பணமாகத் தனியே எழுதுங்கள்.

ஜனவரியை வாரமாகப் பிரித்தால்

உளுந்து 65 முதல் 75 நாள் பயிர். அக்டோபர் நடுவில் விதைத்தது டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி முழுக்கக் களத்துக்கு வரும். ஏக்கருக்கு இரண்டரை மூட்டை என்றால் 250 ஏக்கருக்கு 600 மூட்டைக்கு மேல். அதில் 400 மூட்டை, அதாவது 40 டன், நிறுவனத்துக்கு வரும் என்று வைப்போம். வாரம் ஒரு லாரி, 10 டன். உறுப்பினருக்குக் கிலோ 75 ரூபாய். சுத்தம் செய்ய, ஏற்ற, லாரி வாடகை எல்லாம் கிலோவுக்கு 2 ரூபாய். மில்லில் 80 ரூபாய். லாரிக்கு 7,70,000 செலவு, 8,00,000 வரவு, 30,000 லாபம். மில்காரர் சரக்கு இறங்கி 30 நாளில் பணம் தருவார்.

உறுப்பினர் பாக்கியை உளுந்து விலையிலேயே கழித்துக்கொள்வதாக வைத்து, அதில் வாரம் 55,000 திரும்புகிறது என்று எழுதுவோம். வாரச் செலவு 5,000. ஆக ஒவ்வொரு வாரமும் கையிலிருந்து நிகரமாக 7,20,000 வெளியே போகிறது. 3,00,000-ல் தொடங்கினால்:

ஜனவரி 7: பற்றாக்குறை 4,20,000
ஜனவரி 14: 11,40,000
ஜனவரி 21: 18,60,000
ஜனவரி 28: 25,80,000
பிப்ரவரி 4: 25,50,000
பிப்ரவரி 11: 17,20,000 (முதல் லாரிப் பணம் வந்த பிறகு)
பிப்ரவரி 18: 8,90,000
பிப்ரவரி 25: 60,000
மார்ச் 4: கையில் 7,50,000

மார்ச் கடைசியில், நெல் பணத்தில் மீதிப் பாக்கியும் வந்து சேர, கையில் 7,80,000 இருக்கும். தொடங்கியது 7,50,000. பருவத்து லாபம் 30,000. மாதக் கணக்காக மட்டும் எழுதினால் ஜனவரி, பிப்ரவரி என்று இரண்டு வரிதான் வரும். முதல் லாரி போன ஜனவரி 7-க்குள்ளேயே கைப்பணம் தீர்ந்துவிடுவது அதில் தெரியாது. ஜனவரி 14 பொங்கலை ஒட்டிய வாரம். உறுப்பினர் காத்திருக்க மாட்டார், வங்கி விடுமுறை, சுமை தூக்க ஆள் வராது. பணம் மிக அவசரமாகத் தேவைப்படுவது அந்த வாரத்தில்தான்.

முக்கியமான எண் 25,80,000. ஒன்றேகால் லட்சத்துக்கும் குறைவான உளுந்து லாபத்துக்காக, ஒரு மாதத்துக்கு இவ்வளவு பணம் யாராவது போட வேண்டும். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் இந்தப் பள்ளத்தைக் கடனால் நிரப்பினால் சுமார் 26,000 ரூபாய் வட்டி. பருவத்து லாபம் 30,000-ல் மிஞ்சுவது 4,000. மில்காரர் 30 நாளுக்குப் பதில் இன்னும் மூன்று வாரம் தள்ளினால் வட்டி 43,000-ஐ நெருங்கும். அப்போது நட்டம் 13,000. மில்காரர் ஏமாற்றவே இல்லை, தாமதம் மட்டும்தான் செய்தார். அதுவே போதும்.

பள்ளத்தைச் சிறிதாக்குவது

முதலில் மில்காரரிடம் பேசுங்கள், அதுவும் அறுவடைக்கு முன்னால். சரக்கு குடோனில் வந்து குவிந்த பிறகு பேசினால் அவர் சொல்வதுதான் நிபந்தனை. சரக்கு இறங்கியதும் பாதிப் பணம், மீதி 30 நாளில் என்று எழுதி வாங்க முடிந்தால், மேலே சொன்ன கணக்கில் பெரிய பள்ளம் 25,80,000-லிருந்து 13,80,000-ஆகக் குறைகிறது. வேறு எந்த ஒரு மாற்றமும் இவ்வளவு செய்யாது.

பல மில்காரர்கள் இதற்கு விலை குறைப்புக் கேட்பார்கள். "பாதி உடனே தருகிறேன், கிலோவுக்கு ஒரு ரூபாய் குறை" என்பார்கள். சந்தோஷமாகத் தலையாட்டிவிடாதீர்கள். 40 டன்னுக்கு ஒரு ரூபாய் என்றால் 40,000 ரூபாய். பாதிப் பணம் முன்னால் வருவதால் நமக்கு மிச்சமாகும் வட்டி சுமார் 14,000 ரூபாய்தான். அதாவது கிலோவுக்கு 35 காசு. அதற்குள் என்றால் ஒப்புக்கொள்ளலாம், அதற்கு மேல் என்றால் கடன் வாங்குவதே மலிவு. கடனே கிடைக்காது என்கிற நிறுவனத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஒரு ரூபாய் குறைத்தாலும் லாரிக்கு 20,000 நிற்கும், லாரியே அனுப்பாமல் இருப்பதற்கு அது தேவலை.

அடுத்தது உறுப்பினர் பக்கம். உளுந்து போட்டதும் முக்கால் பணம், கால் பணம் பதினைந்து நாளில் என்று வைத்தால் பள்ளம் 10,05,000-க்கு இறங்கும். இதைச் சொல்லும்போதே எனக்குத் தயக்கம் உண்டு. உடனே பணம் தருகிறார்கள் என்பதற்காகத்தான் கமிஷன் கடைக்குப் போகிற உறுப்பினரை நாம் இழுக்கப் பார்க்கிறோம். ஐந்து மூட்டைக்குக் குறைவாகக் கொண்டு வருகிறவருக்கு முழுப் பணத்தையும் அன்றே கொடுத்துவிடுங்கள். இருபது, முப்பது மூட்டை கொண்டு வருகிறவரிடம் மட்டும் கால் பாகத்தை நிறுத்துங்கள். யாருக்கு எந்த விதி என்பதை இயக்குநர் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி, கடையில் ஒட்டிவிடுங்கள். இயக்குநரின் தம்பிக்கு முழுப் பணம், மற்றவருக்கு முக்கால் என்று ஆனால் அடுத்த வருடம் உளுந்து வராது.

இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சும் பத்து, பதினோரு லட்சத்துக்குத்தான் கடன். நபார்டு வங்கியின் துணை நிறுவனமான நாப்கிசானிடமும், வணிக வங்கிகளிடமும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு நடைமுறை மூலதனக் கடன் உண்டு. 10,000 அமைப்புகள் திட்டத்தில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு உத்தரவாத நிதியும் வைத்திருக்கிறார்கள். தணிக்கை செய்த கணக்கு, இயக்குநர் குழுத் தீர்மானம், ஜி.எஸ்.டி. தாக்கல்கள், உறுப்பினர் பட்டியல் எல்லாம் கேட்பார்கள். பொங்கலுக்குப் பணம் வேண்டுமானால் ஆகஸ்டிலேயே விண்ணப்பம் போக வேண்டும். கூடவே இந்த வாரக் கணக்கையும் கொடுங்கள். எந்த வாரம் எவ்வளவு எடுப்போம், எந்த வாரம் திருப்புவோம் என்று அதில் இருப்பதால் மேனேஜருக்கு வேலை சுலபம். அந்தக் கடனில் சல்லடை இயந்திரமோ குடோன் ஷெட்டோ மட்டும் வாங்கிவிடாதீர்கள். அவற்றுக்கு நீண்ட காலக் கடன் தனியாக இருக்கிறது. இரண்டு மாதப் பணத்தை ஏழு வருடப் பொருளில் போட்டால் அடுத்த தை மாதம் வெறுங்கைதான்.

விலை மிகவும் இறங்கிக் கிடந்தால் இன்னொரு வழி, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் பொருளீட்டுக் கடன். உறுப்பினர் தன் பெயரில் உளுந்தை அங்கே இருப்பு வைத்து, மதிப்பில் ஒரு பகுதியைக் கடனாகப் பெறலாம். நிறுவனத்தின் பணம் இதில் முடங்காது.

ஆதரவு விலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2025-26 பருவத்துக்கு உளுந்துக்கு அரசு அறிவித்தது குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். நம் உதாரணத்தில் வைத்த 7,500 அதற்குக் கீழே. அரசுக் கொள்முதல் பக்கத்தில் திறந்து, அதற்குரிய தரத்தில் சரக்கு இருந்தால், உறுப்பினர் அங்கே போடுவதுதான் அவருக்கு லாபம். பணமும் அவர் கணக்குக்கே நேராகப் போகும். அப்படி நடந்தால் 40 டன் 15 டன் ஆகிவிடும். அதற்கும் ஒரு கணக்கு எழுதி வையுங்கள். 400 மூட்டைக்கு வாங்கிய சாக்கும், 40 டன்னுக்கு மில்லோடு எழுதிய ஒப்பந்தமும் அப்போது சுமையாகும். ஒப்பந்தத்தில் "20 முதல் 40 டன் வரை" என்று எழுதுவது நல்லது.

கணக்கு எங்கே பிசகும்

மில்லில் 8,00,000 பில் போட்ட சரக்குக்கு 7,85,000 வருவது சாதாரணம். ஈரம், கல், தூசி, வண்டு விழுந்த பருப்பு என்று கழிப்பார்கள். நான்கு லாரிக்கும் இப்படி 15,000 வீதம் போனால் 60,000. பருவத்து லாபம் முழுக்கப் போய், கையிலிருந்தும் போகும். தை மாதப் பனியில் களத்தில் கிடந்த உளுந்து பார்க்க உலர்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். ஈரமானி வைத்து, 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஒரு நாள் வெயிலில் காய வைக்கச் சொல்லிவிட்டுத்தான் எடை போட வேண்டும். "நம்ம ஆளுதானே" என்று எடுத்துக்கொண்டால், அந்த ஒரு மூட்டைக்காக முழு லாரிக்கும் கழிவு விழும்.

இரண்டாவது, மழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க முடியாது. அப்படி ஆனால் அறுவடை தள்ளிப்போவதோடு, விளைச்சலும் குறையும், பாக்கியும் திரும்பாது. அதனால் கணக்கை இரண்டு தடவை எழுதுங்கள். ஒன்று மேலே சொன்னபடி. இன்னொன்று, அறுவடை இரண்டு வாரம் தள்ளி, சரக்கு பாதியாகி, உறுப்பினர் பாக்கியில் பாதிதான் வருகிறது என்று. இரண்டாவது கணக்கில் மார்ச் கடைசியில் கையில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். அடுத்த கார் பருவத்துக்கு உரம் எடுக்க அது போதாது என்றால், செப்டம்பரில் கொடுக்கும் கடனை இப்போதே குறைக்க வேண்டும்.

மூன்றாவது, பணம் தராத மில். 2006-ம் ஆண்டு குறு, சிறு தொழில் சட்டப்படி 45 நாளில் பணம் தர வேண்டும், உத்யம் பதிவு இருக்கிறது, வழக்குப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். உளுந்தை அப்படியே வாங்கி விற்பது வியாபாரம். வியாபாரம் என்று உத்யம் பதிவு செய்தவர்களுக்கு வங்கிக் கடனில் முன்னுரிமை உண்டே தவிர, தாமதப் பணத்துக்கான அந்தப் பாதுகாப்பு கிடையாது. உடைத்துப் பருப்பாக்கி விற்கிற நிறுவனத்துக்கு நிலைமை வேறு, அதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். மற்றவர்களுக்கு இருக்கும் பாதுகாப்பு ஒன்றுதான்: முதல் லாரிப் பணம் சொன்ன தேதியில் வரவில்லை என்றால், அதற்குப் பின் வரும் சரக்கை அந்த மில்லுக்கு அனுப்பாதீர்கள். 30 நாள் தவணையில் நான்கு லாரியும் போன பிறகுதான் முதல் பணமே வரும் என்பதைக் கவனியுங்கள். இதனால்தான் புதிய மில்லுக்கு ஒரு லாரிக்கு மேல் கடனில் அனுப்பக் கூடாது. இரண்டு மில்லுக்குப் பிரித்து அனுப்பினால் லாரி வாடகை கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

நோட்டில் ஒவ்வொரு வாரத்துக்கும் இரண்டு பத்தி வையுங்கள். ஒன்றில் எதிர்பார்த்தது, பக்கத்தில் உண்மையில் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை கடை மூடுவதற்கு முன் வங்கி இருப்பைப் பார்த்து எழுதிவிட வேண்டும். எதிர்பார்த்ததைவிட இருப்பு 50,000 குறைந்தால் அந்த வாரமே இயக்குநர்கள் உட்கார்ந்து பேசி, அடுத்த லாரிக்குக் கொள்முதல் செய்வதா, நிறுத்துவதா என்று முடிவெடுங்கள். நிறுத்துவது என்றால் திங்கட்கிழமை காலை உறுப்பினர்களுக்குச் சொல்லிவிடுங்கள். உளுந்தைக் கட்டி ஆட்டோவில் ஏற்றிக் கொண்டு வந்தவரிடம் கடை வாசலில் வைத்துச் சொல்லக் கூடாது.